விற்பனை டேட்டாபேஸை ‘வாசிக்க மட்டும்’ அனுமதி கேட்டு ஐடி பிரிவுக்கு எப்படி எழுதுவது?

“அண்ணா, நான் திருகோணமலை ரவுன்ல ஒரு மொத்த விற்பனைக் கம்பனியில சேல்ஸ் ரிப்போர்ட் செய்றன். கிண்ணியா, மூதூர், கந்தளாயில எங்கட கிளை இருக்கு. ஒவ்வொரு நாளும் ஐடி ஆக்கள் எக்செல் ஃபைல் அனுப்பினாத்தான் எனக்கு வேலை ஓடும். ‘ரிப்போர்ட் செய்ய சேல்ஸ் டேட்டாபேஸுக்கு ரீட் ஒன்லி அக்சஸ் தரவும்’ எண்டு எழுதிக் குடுத்தன். ‘தர முடியாது’ எண்டு திருப்பி அனுப்பிட்டினம். எப்படி எழுதினா தருவினம்?”

தங்கச்சி, அவர்கள் முடியாது என்று சொன்னது உங்களை நம்பாததால் இல்லை. நீங்கள் எழுதிய அந்த ஒரு வரியை வைத்து அவர்களால் எதையும் முடிவெடுக்க முடியாது. எந்த அட்டவணை, எத்தனை வருடத் தரவு, எந்த நேரத்தில், எந்தக் கணினியிலிருந்து என்று ஒன்றும் அதில் இல்லை. அப்படி வரும் கேள்விக்கு ‘முடியாது’ என்பதுதான் ஐடி ஆளுக்கு ஆபத்தில்லாத பதில். நான் பல வருடம் அந்த நாற்காலியில் இருந்து இப்படியான குறிப்புகளைத் திருப்பி அனுப்பியவன், அதனால் சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். ‘நான் வாசிக்கத்தானே போகிறேன், எதையும் மாற்றப் போவதில்லையே’ என்று உங்களுக்குத் தோன்றும். ஆனால் வாசிப்பதாலும் பில் போடுவது நின்றுபோகும். நான் வேலை செய்த ஓர் இடத்தில் கணக்குப் பிரிவில் ஒருவருக்கு நல்லெண்ணத்தில் நேரடி அனுமதி கொடுத்தோம். அவர் அக்சஸ் மென்பொருளில் பில் அட்டவணையை இணைத்துத் திறந்து, முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு, ஜன்னலை மூடாமல் சாப்பிடப் போய்விட்டார். அக்சஸ் முதல் சில வரிகளை மட்டும் வாங்கிக்கொண்டு மிச்சத்தைப் பாதியில் விட்டது. டேட்டாபேஸை நடத்தும் எஸ்கியூஎல் சேர்வரோ, இந்த ஆள் இன்னும் வாசிக்கிறார் என்று நினைத்து அந்தப் பகுதிக்குப் போட்ட பூட்டை எடுக்காமல் வைத்திருந்தது. கீழே கவுண்டரில் பில்லை முடிக்கும் பட்டனை அமுக்கினால் திரை அப்படியே நிற்கிறது. வரிசையில் ஆட்கள். நாங்கள் நெட்வேர்க் கேபிளைப் பிடுங்கிப் பார்க்கிறோம், சேர்வரை ரீஸ்டார்ட் பண்ணலாமா என்று யோசிக்கிறோம். கடைசியில் `sp_who2` என்று ஓட்டிப் பார்த்தபோது யார் யாரைத் தடுக்கிறார் என்று காட்டும் `BlkBy` என்ற நிரலில், காத்திருந்த எல்லா வரியிலும் ஒரே எண் இருந்தது. அந்த எண் சாப்பிடப் போனவரின் கணினி. உங்கள் ஐடி ஆட்களுக்கும் இப்படி ஒரு நாள் இருந்திருக்கும். குறிப்பை வாசிக்கும்போது அவர்களுக்கு அந்த நாள்தான் ஞாபகத்துக்கு வரும்.

அதனால் எழுதுவதற்கு முன் உங்களை நீங்களே ஒன்று கேளுங்கள்: இந்த நிமிடத்துத் தரவு எனக்குத் தேவையா, நேற்று இரவு வரை இருந்தால் போதுமா? நீங்கள் செய்வது காலையில் முதலாளிக்கும் விற்பனை மேலாளருக்கும் போகும் தினசரி ரிப்போர்ட் என்றால், நேற்று இரவு வரை தாராளமாகப் போதும். அப்படியென்றால் ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸையே கேட்க வேண்டாம். அதன் பிரதியைக் கேளுங்கள்.

இதற்குப் பெரும்பாலும் புதிதாக எதுவும் வாங்கத் தேவைப்படாது. உங்கள் ஐடி பிரிவு ஒவ்வொரு இரவும் எப்படியும் ஒரு பேக்கப் எடுக்கும். அந்தப் பேக்கப்பை வேறொரு கணினியில் வேறு பெயரில் திறந்து வைத்தால் அதுதான் பிரதி. நீங்கள் அதில் எவ்வளவு பாரமான கேள்வியை ஓட்டினாலும் கவுண்டரில் பில் நிற்காது. ஐடி பக்கத்துக்கும் இதில் ஒரு லாபம் இருக்கிறது. பேக்கப் எடுப்பவர்கள் பலர் அதைத் திறந்து பார்ப்பதே இல்லை. ஒவ்வொரு நாளும் அது திறபடுகிறது என்றால், பேக்கப் நல்லபடியாக இருக்கிறது என்பதற்கு நாளாந்தச் சாட்சி. எனக்கு யாராவது இப்படிக் கேட்டு எழுதியிருந்தால் அன்றைக்கே செய்து கொடுத்திருப்பேன்.

அடுத்தது, எதைக் கேட்பது. ‘சேல்ஸ் டேட்டாபேஸ்’ என்று முழுதாகக் கேட்டால் வாடிக்கையாளரின் தொலைபேசி இலக்கம், அடையாள அட்டை இலக்கம், கடன் எல்லை, பொருள் வாங்கிய விலை எல்லாம் சேர்ந்து வரும். உங்கள் ரிப்போர்ட்டுக்கு இவற்றில் ஒன்றுமே தேவையில்லை. இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஒரு நோக்கத்துக்குத் தேவையான அளவு தனிப்பட்ட தரவை மட்டுமே கையாள வேண்டும் என்பது அதன் அடிப்படைகளில் ஒன்று. அந்த நிரல்கள் எனக்கு வேண்டாம் என்று நீங்களே எழுதிக் கொடுத்தால் ஐடி பொறுப்பாளரின் பாதிக் கவலை அங்கேயே தீர்ந்துவிடும். வாங்கிய விலையும் அப்படித்தான். எந்தப் பொருளில் எவ்வளவு லாபம் என்பது முதலாளி எல்லோருக்கும் காட்ட விரும்பாத விஷயம்.

இதற்கு ‘வியூ’ என்று ஒன்று இருக்கிறது. பல அட்டவணைகளில் இருந்து வேண்டிய நிரல்களை மட்டும் எடுத்துக் காட்டும் ஒரு பார்வை அது. ஐடி ஆள் அதைச் செய்து வைத்து, உங்களுக்கு அந்தப் பார்வைக்கு மட்டும் அனுமதி தந்தால் போதும். அடியில் உள்ள அட்டவணைகளை நீங்கள் தொடவே முடியாது. குறிப்பில் ‘வியூ’ என்ற சொல்லைப் போடுங்கள். விஷயம் தெரிந்து கேட்கிறார் என்று அவர்களுக்கும் விளங்கும்.

எத்தனை வருடத் தரவு, மாத மொத்தமா நாள்வாரியா என்பதற்கும் காரணம் எழுத வேண்டும். உங்கள் இடத்துக்கு நல்ல காரணம் ஒன்று கையிலேயே இருக்கிறது. கிண்ணியாவிலும் மூதூரிலும் நோன்பு மாத விற்பனை மற்ற மாதம்போல இருக்காது. நோன்பு ஒவ்வொரு வருடமும் ஏறத்தாழ 11 நாள் முன்னால் வருகிறது. ஆகவே இந்த வருட மார்ச்சைப் போன வருட மார்ச்சோடு வைத்துப் பார்த்தால் கிளை நன்றாகச் செய்ததா என்று தெரியாது. நோன்பின் முதல் வாரத்தை நோன்பின் முதல் வாரத்தோடுதான் ஒப்பிட வேண்டும். அதற்கு நாள்வாரித் தரவு, குறைந்தது 24 மாதத்துக்கு, வேண்டும். இப்படி ஒரு காரணம் இருந்தால் ‘ஏன் மாத மொத்தம் போதாது’ என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

சரி, இனி குறிப்பு. நான் எழுதுவதாக இருந்தால் இப்படி எழுதுவேன். உங்கள் விபரத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்:

> ஐடி பிரிவுப் பொறுப்பாளர் அவர்களுக்கு,
>
> விற்பனை அறிக்கைக்காகத் தரவுத்தளப் பிரதியை வாசிக்க மட்டும் அனுமதி கோரல்
>
> தினசரிக் கிளை விற்பனை அறிக்கையை ஒவ்வொரு நாளும் காலை 8.00 மணிக்கு விற்பனை மேலாளருக்குக் கொடுக்கிறேன். இப்போது உங்கள் பிரிவு ஏற்றித் தரும் எக்செல் கோப்பை வைத்தே இதைச் செய்கிறேன். அந்த வேலையை உங்களுக்குக் குறைப்பதற்காக இதைக் கேட்கிறேன்.
>
> நேரடித் தரவுத்தளத்துக்கு எனக்கு அனுமதி வேண்டாம். முதல் நாள் இரவு எடுத்த பேக்கப்பிலிருந்து வேறு கணினியில் திறந்த பிரதி போதும். காலை 6.30க்குள் அது தயாராக இருந்தால் சரி.
>
> கடந்த 24 மாதத்துக்கு, பில்லின் ஒவ்வொரு பொருள் வரிக்கும் பின்வருவன உள்ள ஒரு வியூ தேவை: பில் திகதி, பில் இலக்கம், கிளை, ரூட், ரெப் குறியீடு, வாடிக்கையாளர் குறியீடு, பொருள் குறியீடு, அளவு, வற் சேர்க்காத தொகை, வற் தொகை, விற்பனையா ரிட்டனா ரத்தா என்ற அடையாளம். நோன்பு, புத்தாண்டு, பொங்கல் காலங்களை முந்திய வருடத்தோடு நாள்வாரியாக ஒப்பிடுவதால் மாத மொத்தம் போதாது.
>
> வாடிக்கையாளரின் பெயர், தொலைபேசி, முகவரி, அடையாள அட்டை இலக்கம், பொருள் வாங்கிய விலை ஆகியன வேண்டாம். அவை வியூவில் இல்லாமல் இருப்பதே எனக்கும் நல்லது.
>
> அலுவலகத்தில் என் மேசைக் கணினியில் இருந்து மட்டும், எக்செல் மூலம், காலையில் ஒரு முறை இணைவேன். வீட்டிலிருந்தோ தொலைபேசியிலிருந்தோ இணைப்பு வேண்டாம். அறிக்கை வேலைக்கென்று தனிக் கணக்கு ஒன்றைத் தரவும். அதற்கு நானே பொறுப்பு, பாஸ்வேட்டை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டேன்.
>
> அனுமதியை 6 மாதத்துக்குத் தந்து, அதன்பின் மீளப் பார்க்கவும். நான் இப்பொறுப்பிலிருந்து மாறினால் அன்றே அறிவிப்பேன். விற்பனை மேலாளரின் ஒப்புதல் கீழே உள்ளது.

கடைசி வரியை மறக்க வேண்டாம். தரவு ஐடி பிரிவின் சொத்து இல்லை, விற்பனைப் பிரிவினுடையது. மேலாளரின் கையெழுத்து இல்லாமல் ஐடி பொறுப்பாளர் கொடுத்தால் பிறகு பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். கையெழுத்தை வாங்கிக்கொண்டே மேலே போங்கள்.

குறிப்பில் ‘பொருள் வரி’ என்று கேட்டிருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. பில் தலைப்பும் பில் வரிகளும் வேறு வேறு அட்டவணையில் இருக்கும். இரண்டையும் நீங்களே சேர்க்கப் போனால் எல்லோரும் விழும் அதே குழியில் விழுவீர்கள். ஒரு பில்லில் 3 பொருள், மொத்தம் 45,000 ரூபா என்று வையுங்கள். தலைப்பை வரிகளோடு சேர்த்தால் அந்த 45,000 மூன்று வரியிலும் ஒட்டிக்கொள்ளும். கூட்டினால் 1,35,000. எக்செல் எந்தப் பிழையும் காட்டாது. மூதூர்க் கிளை திடீரென்று மூன்று மடங்கு விற்றதாக ரிப்போர்ட் போகும். தொகை ஒவ்வொரு பொருள் வரியிலும் தனித்தனியே இருந்தால் இந்தப் பிரச்சினையே வராது.

வற் சேர்க்காத தொகையையும் வற்றையும் தனித்தனியே கேட்டதும் அப்படித்தான். வற் 2024 ஜனவரி 1 முதல் 18 வீதம். 1,18,000 ரூபா பில்லில் உங்கள் உண்மையான விற்பனை 1,00,000. ஒருவர் வற்றோடும் இன்னொருவர் வற் இல்லாமலும் கூட்டிவிட்டுக் கூட்டத்தில் ‘உன் கணக்குப் பிழை’ என்று சண்டை பிடிப்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இரண்டும் தனி நிரலில் இருந்தால் எதைக் கூட்டினோம் என்று காட்டலாம்.

அனுமதி தரச் சம்மதித்தால் அவர்கள் பக்கத்தில் செய்வது சின்ன வேலை. பிரதி இருக்கும் சேர்வரில் `rpt_sales` என்ற லொகினை ஒரு முறை செய்து வைத்துவிட்டால், பிரதியில் ஓட்ட வேண்டியது இவ்வளவுதான்:

```sql
USE SalesDB_Rpt;
CREATE USER rpt_sales FOR LOGIN rpt_sales;
GRANT SELECT ON SCHEMA::rpt TO rpt_sales;
ALTER DATABASE SalesDB_Rpt SET READ_ONLY;
```

`SalesDB_Rpt` பிரதியின் பெயர், `rpt_sales` உங்கள் கணக்கு. `rpt` என்பது உங்களுக்கான வியூ மட்டும் இருக்கும் தனிப் பகுதி, அந்த வியூவின் பெயர் `v_SalesLine` என்று வைப்போம். கடைசி வரி பிரதி முழுவதையுமே யாரும் எழுத முடியாதபடி பூட்டிவிடும். வேலைப் பளுவில் சில ஐடி ஆட்கள் `db_datareader` என்ற பொறுப்பைக் கொடுத்து விஷயத்தை முடிப்பார்கள். அதுவும் வாசிக்க மட்டும்தான், ஆனால் எல்லா அட்டவணையையும் வாசிக்கலாம். தந்தால் ‘எனக்கு வியூ மட்டும் போதும்’ என்று திருப்பிச் சொல்லுங்கள். பில் மென்பொருள் பயன்படுத்தும் கணக்கையோ எல்லா அதிகாரமும் உள்ள `sa` கணக்கையோ தந்தால் கட்டாயம் வாங்காதீர்கள். நாளைக்கு ஒரு பில் மாறியிருந்தால் யார் மாற்றியது என்ற கேள்வி உங்கள் மேசைக்கு வரும்.

கணக்கு கைக்கு வந்ததும் முதல் வேலை, அதனால் என்ன செய்ய முடியும் என்று பார்ப்பது:

```sql
SELECT DISTINCT permission_name
FROM fn_my_permissions('rpt.v_SalesLine', 'OBJECT');
```

பதிலில் `SELECT` என்ற ஒரே சொல்தான் வர வேண்டும். `UPDATE`, `DELETE` என்று ஏதாவது வந்தால் அப்போதே ஐடி பிரிவுக்குச் சொல்லுங்கள்.

இரண்டாவது வேலை, ஒரே ஒரு நாளை எடுத்துக் கூட்டிப் பார்ப்பது. உதாரணமாகப் போன செவ்வாய்க்கிழமை கிண்ணியாக் கிளையின் நாள் முடிவுச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அந்த நாளுக்கு உங்கள் வியூவில் வரும் மொத்தத்தைப் பாருங்கள். சதம் வரைக்கும் ஒத்துப்போக வேண்டும். கொஞ்சம் கூடினால் பெரும்பாலும் ரத்தான பில்லோ ரிட்டனோ கழிபடவில்லை. ஒரே வீதத்தில் கூடினால் வற். மடங்காகக் கூடினால் மேலே சொன்ன அட்டவணைச் சேர்ப்பு. குறைந்தால் பில்கள் இன்னும் வந்து சேரவில்லை.

இந்தக் கடைசிக் காரணத்தை நான் ஒரு தடவை தேடித் தேடிக் களைத்தேன். ஒரு கிளையில் மட்டும் ஒவ்வொரு நாளும் கொஞ்சப் பணம் குறைந்துகொண்டே இருந்தது. குறைந்த பில் இலக்கங்களை எழுதி வைத்துப் பார்த்தபோது எல்லாம் தூர ரூட்டுக்குப் போகும் ஒரு ரெப்பினுடையவை. அவருடைய வான் இரவு 8.30க்குப் பிறகுதான் கிளைக்கு வரும். கையில் உள்ள கருவியின் பில்களை அதன்பின்தான் அனுப்புவார். பேக்கப் எடுத்ததோ 8.00க்கு. தரவிலோ வியூவிலோ ஒரு பிழையும் இல்லை. பேக்கப்பை 11.00க்குத் தள்ளியதும் சரியாகிவிட்டது. ஆகவே உங்கள் கடைசி வான் எத்தனை மணிக்கு வந்து பில் அனுப்புகிறது என்று கேட்டு அந்த நேரத்தையும் குறிப்பில் ஒரு வரியாகச் சேருங்கள்.

பிரதி முறையில் இரண்டு விஷயம் சொல்லாமல் கொள்ளாமல் நடக்கும். முதல் நாள் எல்லாம் நன்றாக வேலை செய்யும், இரண்டாம் நாள் காலையில் `Cannot open database "SalesDB_Rpt" requested by the login` என்று வரும். யாரும் உங்கள் அனுமதியைப் பிடுங்கவில்லை. இரவு புதுப் பேக்கப் பழைய பிரதியின் மேல் விழும்போது, பிரதியில் மட்டும் கொடுத்த அனுமதியும் சேர்ந்து அழிந்துவிட்டது. மேலே உள்ள வரிகளைப் பேக்கப் திறக்கும் வேலையின் கடைசிப் படியாகச் சேர்த்துவிட்டால் ஒவ்வொரு இரவும் தானாக வந்துவிடும். வியூவை மூல டேட்டாபேஸிலேயே செய்து வைத்தால் அது பேக்கப்போடு சேர்ந்தே வரும்.

மற்றது இதைவிட மோசம், ஏனென்றால் பிழைச் செய்தி எதுவும் வராது. இரவு திறக்கும் வேலை ஏதோ காரணத்தால் நின்றிருக்கும். பழைய பிரதி அப்படியே இருக்கும். உங்கள் எக்செல் சந்தோஷமாக முந்தநாள் தரவை இழுத்துத் தரும். அதனால் ரிப்போர்ட்டின் தலைப்பில், எல்லோர் கண்ணிலும் படும்படி, இதன் பதிலைப் போட்டு வையுங்கள்:

```sql
SELECT MAX(BillDate) FROM rpt.v_SalesLine;
```

‘இந்தத் தேதி வரையான தரவு’ என்று அது காட்டும். நேற்று கடை திறந்திருந்தும் நேற்றையத் திகதி அதில் இல்லையென்றால் ரிப்போர்ட்டை அனுப்பாமல் ஐடி பிரிவுக்குத் தொலைபேசி எடுங்கள்.

அப்புறம் எக்செல் பக்கம். இணைப்பின் அமைப்பில் ‘பாஸ்வேட்டைச் சேமி’ என்று ஒரு பெட்டி வரும், அதில் சரி போடாதீர்கள். பழைய வகை இணைப்புகளில் அது பாஸ்வேட்டை மறைக்காமல் அப்படியே கோப்புக்குள் எழுதிவிடும். கோப்பைத் திறக்கும்போதெல்லாம் தரவைப் புதுப்பிக்கும் தெரிவையும் எடுத்துவிடுங்கள். மூன்று கிளை மேலாளருக்கும் அந்தக் கோப்பையே அனுப்பினால் அவர்கள் திறக்கும் ஒவ்வொரு முறையும் அது சேர்வரைத் தட்டும். அங்கே பிழைச் செய்தி வரும், இங்கே ஐடி பிரிவுக்குத் தெரியாத கணினிகளின் பெயர் பதிவாகும். நீங்கள் ‘என் மேசையிலிருந்து மட்டும்’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். மற்றவர்களுக்கு இணைப்பு இல்லாத, எண்கள் மட்டும் உள்ள பிரதியையோ பிடிஎஃப்பையோ அனுப்புங்கள்.

மேலாளர் எப்போதாவது ‘இப்போது மூதூரில் எவ்வளவு போயிருக்கு’ என்று மத்தியானத்தில் கேட்பார். அதற்காக நேரடி டேட்டாபேஸுக்கு அனுமதி கேட்டு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பில் மென்பொருளிலேயே அன்றைய விற்பனைத் திரை இருக்கும், அதைப் பார்க்கும் அனுமதியை மேலாளருக்குத் தனியாகக் கேட்டு எழுதுங்கள். நீங்கள் லீவில் போகும் நாட்களுக்கும் உங்கள் பாஸ்வேட்டை அடுத்த மேசைக்குக் கொடுக்காமல், அவருக்கு அந்த நாட்களுக்கு மட்டும் ஒரு கணக்குக் கேட்டு இரண்டு வரி எழுதிக் கொடுங்கள். முதல் குறிப்பு ஏற்கெனவே கோப்பில் இருப்பதால் அதை இலக்கமிட்டுக் குறிப்பிட்டாலே போதும்.